எட்டாம் இரவு எந்த இரவு?

ஹஜ்ஜுக்குப் போனவர்கள் மக்காவில் தங்கும் கட்டடத்தில், லிஃப்ட் பக்கத்துச் சுவரில் அவ்வப்போது ஒரு தாள் ஒட்டப்படும். மேலே சேவை நிறுவனத்தின் முத்திரை, கீழே அரபியில் நாலைந்து வரி. அதை அரபி தெரிந்த ஒருவர் வாட்ஸப்பில் தமிழாக்கி அனுப்புவார். சில சமயம் அரபியிலிருந்து உருதுவுக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வரும். அப்படி வரும் வரிகளில் முதியவர்களை அதிகம் குழப்புவது எது என்று கேட்டால், மார்க்கச் சட்டம் பேசும் வரி அல்ல. நேரம் சொல்லும் வரிதான். உதாரணத்துக்கு இப்படி ஒன்று: “துல்ஹஜ் எட்டாம் இரவு, இஷாவுக்குப் பிறகு, மினாவுக்குப் பேருந்துகள் புறப்படும்.”

2025-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு சவூதியில் துல்ஹஜ் பிறை 8 என்பது ஜூன் 4, புதன்கிழமை. அரஃபா நாளான பிறை 9, வியாழக்கிழமை. அப்படியானால் எட்டாம் இரவு எப்போது? போன் காலண்டரைப் பார்க்கும் மகன் புதன்கிழமை இரவு என்பார். அரபித் தாள் எழுதியவர் நினைத்தது செவ்வாய்க்கிழமை இரவு. பிறைக் கணக்கில் நாள் தொடங்குவது மஃரிபில். இரவு முதலில் வரும், பகல் பின்னால் வரும். செவ்வாய் மாலை சூரியன் மறைந்ததுமே எட்டு பிறந்துவிடுகிறது. மகன் சொன்னபடி புதன் இரவு வரை காத்திருந்தால், மற்றவர்கள் மினாவில் ஒரு பகலைக் கழித்துவிட்டு அரஃபாவுக்குக் கிளம்பும் நேரத்தில் இவர்கள் மக்கா அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எழுபது வயது உம்மாவுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். வியாழக்கிழமை மஃரிபுக்குப் பிறகு வருவதைத்தான் ஊரில் அவர் ஆயுள் முழுக்க வெள்ளி இரவு என்று சொல்லி வந்திருக்கிறார். ரமலானில் இருபத்தேழாம் இரவு என்றால் இருபத்தாறாம் நோன்பு திறந்த பிறகு வரும் இரவு என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழப்பம் தொடங்குவது, மொழிபெயர்த்தவர் உதவி செய்வதாக நினைத்துப் பக்கத்தில் “ஜூன் 4 இரவு” என்று சேர்க்கும்போதுதான். அதைப் பார்த்து மகன் சொல்வார், “உம்மா, நாளைக்கு இல்ல, நாளை மறுநாள் ராத்திரிதான். போன்ல போட்டிருக்கு பாருங்க.” உம்மாவும் படித்த பிள்ளை சொல்கிறானே என்று அடங்கிவிடுவார்.

மூன்றாவது காலண்டர் ஒன்றும் சிலர் பையில் இருக்கும். ஊர்ப் பள்ளிவாசலில் கொடுத்த பிறைக் காலண்டர். தமிழ்நாட்டில் பிறை பார்ப்பது தனி. பல ஆண்டுகளில் அது சவூதிக்கு ஒரு நாள் பின்னால் வரும். 2025-இலும் அப்படித்தான். அங்கே ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 6 வெள்ளி, இங்கே ஜூன் 7 சனி. ஊர்க் காலண்டரை வைத்துக்கொண்டு புதன்கிழமை பிறை ஏழுதானே என்று நிற்பவரிடம், நேரத் தாள் எவ்வளவு சரியாக இருந்தும் பயன் இல்லை.

அதனால் அந்த ஒரு வரி தமிழில் மூன்று வரியாக வேண்டும். “செவ்வாய்க்கிழமை இரவு. புதன்கிழமை விடிவதற்கு முந்திய இரவு. இஷா தொழுதுவிட்டுக் கீழே வந்து உட்காருங்கள். பேருந்து எப்போது வந்தாலும் ஏறுவோம்.” கிழமைதான் முதலில் வர வேண்டும். பிறை எண் அடைப்புக்குறிக்குள் போகட்டும். ஆங்கிலத் தேதி இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. கடைசி வாக்கியம் அரபி மூலத்தில் இருக்காது. ஆனால் ஹஜ் நாட்களில் பேருந்து சொன்ன மணிக்கு வருவது அபூர்வம். இஷாவுக்குப் பிறகு என்றால் அது நடுஇரவாகவும் இருக்கலாம். முதல்முறை போகும் பெரியவர் இஷா முடிந்த கையோடு பேருந்து வரும் என்று நம்பி, மாத்திரை போடாமல், சாப்பிடாமல் உட்கார்ந்துவிடுவார். எனவே அதையும் தாளில் சொல்லிவிட வேண்டும்: “சாப்பிட்டு, மாத்திரை போட்டுவிட்டு வாருங்கள்.”

மணி எழுதும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. அரபித் தாள்களில் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து நிற்கும். ஸாத் என்றால் நள்ளிரவு முதல் நண்பகல் வரை, மீம் என்றால் நண்பகல் முதல் நள்ளிரவு வரை. பலர் இதை அப்படியே காலை, மாலை என்று தமிழாக்கிவிடுகிறார்கள். 12.30-க்குப் பக்கத்தில் ஸாத் இருந்தால் அது “காலை 12.30” ஆகிறது. தமிழில் அப்படி ஒரு நேரமே கிடையாது. கேட்பவர் பகல் பன்னிரண்டரை என்றுதான் எடுத்துக்கொள்வார். முஸ்தலிஃபாவிலிருந்து முதியவர்களை முன்கூட்டியே அழைத்துப்போகும் பேருந்தின் நேரம் பெரும்பாலும் இந்த நடுஇரவை ஒட்டித்தான் வரும். தமிழில் நள்ளிரவு, விடியற்காலை, முற்பகல், மதியம், சாயங்காலம், இரவு என்று பகுத்துச் சொல்ல எத்தனையோ இருக்கிறதே, இரண்டே பெட்டியில் ஏன் அடைக்க வேண்டும்? தொழுகையை ஒட்டிச் சொன்னால் இன்னும் நல்லது. அப்போதும் ஊர்ப் பேச்சில் இருக்கும் பெயரையே சொல்ல வேண்டும். அரபித் தாளில் ஃபஜ்ர் என்று இருக்கும். நம் பெரியவர்களுக்கு அது சுபுஹு.

இனி இடம். மினா, அரஃபா, முஸ்தலிஃபா மூன்றும் எல்லை வகுக்கப்பட்ட நிலங்கள். எல்லைக்கு வெளியே நின்றால் அந்த வணக்கம் நிறைவேறாது. அரஃபாவில் தவறினால் ஹஜ்ஜே இல்லை. இதை அரபி வழிகாட்டி நூல்கள் “எல்லைக்குள் இருப்பதை உறுதிசெய்துகொள்க” என்று ஒரு வரியில் முடித்துவிடும். அரபி படிக்கத் தெரிந்தவருக்கு அது போதும், ஏனென்றால் சாலையோரம் பெரிய பலகைகள் இருக்கின்றன. நம் பெரியவர்களில் பலருக்கும் அரபி எழுத்து தெரியும். சிறுவயதில் ஓதப் போனவர்கள், நாள்தோறும் குர்ஆன் ஓதுகிறவர்கள். ஆனால் அவர்கள் ஓதிப் பழகியது ஸபர், ஸேர், பேஷ் குறிகள் போட்ட எழுத்து. தெருப் பலகையில் அந்தக் குறிகள் எதுவும் இருக்காது. எழுத்து எழுத்தாக அடையாளம் தெரிந்தும், சேர்த்து வாசிக்க முடியாமல் நின்றுவிடுவார்கள். இங்கே தமிழ்த் தாள் உதவ வேண்டியது நிறத்தைச் சொல்லி. அரஃபாவின் எல்லைப் பலகை மஞ்சள். முஸ்தலிஃபாவினுடையது ஊதா. மினாவினுடையது நீலம். “மஞ்சள் பலகையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டோமா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்” என்று எழுதினால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

அரஃபாவில் இன்னொன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிட வேண்டும். அங்கிருக்கும் நமிரா பள்ளிவாசலின் முன்பகுதி அரஃபா எல்லைக்கு வெளியே, உரனா பள்ளத்தாக்கில் இருக்கிறது, பின்பகுதிதான் உள்ளே. பள்ளிவாசலில் இடம் கிடைத்ததே என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்து, அங்கேயே பொழுதைக் கழித்துவிட்டால் அரஃபாவில் தங்கியதாக ஆகாது. உள்ளே அறிவிப்புப் பலகைகள் உண்டு. ஆனால் முதியவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதைவிட எளிது: கூடாரத்திலேயே இருங்கள், பள்ளிவாசலுக்குப் போக வேண்டியதில்லை. 2025-இல் சவூதி ஹஜ் அமைச்சகமே அரஃபா நாளில் காலை 10 முதல் மாலை 4 வரை யாரும் கூடாரத்தை விட்டு வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. காரணம் முந்தைய ஆண்டின் வெயில். 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் 51.8 டிகிரி வரை போனது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதி பெறாமல் வந்து, நிழலும் கூடாரமும் இல்லாமல் நடந்தவர்கள்.

முஸ்தலிஃபாவில் தங்கும் இரவுதான் மொழிபெயர்ப்பவருக்கு உண்மையான சோதனை. வியாழன் மஃரிபுக்குப் பிறகு அரஃபாவிலிருந்து கிளம்பி, இங்கே வந்து மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுது, திறந்த வெளியில் பாய் விரித்துத் தங்க வேண்டும். சவூதித் தாளில், பலவீனர்களும் முதியவர்களும் அவர்களுடன் இருப்பவர்களும் நள்ளிரவுக்குப் பின் கிளம்பலாம் என்று இருக்கும். “நள்ளிரவு” என்றதும் நாம் பன்னிரண்டு மணியைப் பார்ப்போம். ஆனால் இங்கே சொல்லும் நள்ளிரவு, சூரியன் மறைவதற்கும் சுபுஹு நேரம் வருவதற்கும் நடுப்புள்ளி. ஜூன் தொடக்கத்தில் மக்காவில் சூரியன் மறைவது ஏழு மணி அளவில். சுபுஹு நாலேகால் அளவில். நடுவில் பாதி என்றால் பன்னிரண்டுக்குச் சுமார் அரை மணி முன்பே வந்துவிடும். பதினொன்றே முக்காலுக்குப் பேருந்தில் ஏற்றினார்களே, நேரத்துக்கு முன்பே இறக்கிக் கொண்டுபோகிறார்களே என்று வழியெல்லாம் மனம் உளைந்துகொண்டே போகும் பெரியவருக்கு, இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த உளைச்சல் இருந்திருக்காது.

அதோடு முடியவில்லை. தமிழ் முஸ்லிம்களில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப். உள்நாட்டு ராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனஃபி. ஷாஃபியில் நள்ளிரவுக்குப் பின் சிறிது நேரம் முஸ்தலிஃபாவில் இருந்தாலே கடமை நிறைவேறிவிடும். ஹனஃபியில் கடமைக்கான நேரமே சுபுஹு நேரம் தொடங்கியதிலிருந்து சூரியன் உதிக்கும் வரைதான். ஆனால் நோய், தள்ளாமை, கூட்ட நெரிசல் என்று காரணம் இருந்தால் அதை விடலாம்; பரிகாரம் தேவையில்லை. சவூதித் தாள் இந்த இரண்டில் எதையும் பிரித்துப் பேசாது. அதை அப்படியே தமிழாக்கினால், ஹனஃபிப் பெரியவர் நள்ளிரவில் பேருந்தில் ஏற மறுத்து, ஒரு குடும்பமே அவருக்காக இறங்கி நிற்கும். எனவே தமிழ்த் தாளில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: “ஹனஃபிகளுக்கு: வயதானவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள் நள்ளிரவில் கிளம்புவதற்கு உங்கள் மத்ஹபிலும் அனுமதி உண்டு.” இந்த வரியைத் தானாக எழுதாமல், கிளம்புமுன் ஊர் ஆலிமிடம் காட்டி அவர் வாயால் ஒருமுறை சொல்லவைப்பது நல்லது. சுவரில் ஒட்டிய தாளைவிட ஊர் ஹஜ்ரத் சொன்னார் என்பதற்குப் பெரியவர்களிடம் இருக்கும் எடை வேறு.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கல்லெறிவது. இங்கே பெரியவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கும். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் போய் வந்தவர்கள் சொன்ன தூண். இப்போது தூண் இல்லை. 2004-இல் அவற்றை எடுத்துவிட்டு நீண்ட சுவர்களாகக் கட்டிவிட்டார்கள். கல் குறிதவறாமல் விழவும், எல்லோரும் ஒரே இடத்தில் நெருக்காமல் இருக்கவும். பல அடுக்குப் பாலத்தின் எந்தத் தளத்திலிருந்து எறிந்தாலும் ஒன்றுதான். தமிழ்த் தாளில் இன்னும் “ஷைத்தான் தூண்” என்று எழுதினால், சுவரின் முன் நின்றுகொண்டு, “தூண் எங்கே காக்கா?” என்று கேட்பவர்களைப் பார்க்கலாம்.

வரிசையும் குழப்பும். மினா பக்கத்திலிருந்து நடந்து வந்தால் முதலில் சிறியது, அடுத்து நடுவிலுள்ளது, கடைசியில் மக்கா பக்கம் பெரியது, அதுதான் அகபா. அரபித் தாள் முதல்நாளில் “ஜம்ரத்துல் அகபா மட்டும், ஏழு கல்” என்று சொல்லும். முதல்முறை போகிறவர் முதலில் கண்ணில் படும் சுவரில் ஏழையும் எறிந்துவிட்டுத் திரும்பப் பார்ப்பார். திரும்பவும் முடியாது, பாதை ஒருவழி. தாளில் இப்படிச் சொல்லலாம்: “முதல் சுவரைக் கடந்து போங்கள். இரண்டாவதையும் கடந்து போங்கள். மூன்றாவது, கடைசிச் சுவரில்தான் இன்று எறிய வேண்டும்.” கல்லின் அளவுக்கு மொச்சைக்கொட்டை என்று எழுதினால் போதும். எத்தனை கல் என்பதற்கும் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்: முதல்நாள் 7, அடுத்த இரண்டு நாட்களும் மூன்று சுவருக்கும் ஏழேழாக 21. ஆக 49, நான்காம் நாளும் தங்கினால் 70. கீழே விழுந்ததற்குக் குனிந்து தேடாமல் இருக்க, இன்னும் ஒரு கைப்பிடி கூடுதலாகப் பையில் இருக்கட்டும். செருப்பு கழன்றாலும் குனியக் கூடாது என்பதைத் தனி வரியாகப் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

நேரம் மறுபடியும் இங்கே தலைகாட்டுகிறது. அடுத்த இரண்டு நாட்களுக்கும் “சூரியன் உச்சி சாய்ந்த பிறகு கல்லெறிதல்” என்று தாள் சொல்லும். பெரியவர் காதில் அது, லுஹர் பாங்கு சொன்னதும் கிளம்ப வேண்டும் என்று விழும். கடமையை முதல் நேரத்திலேயே செய்யும் ஆசை. ஆனால் அந்த நேரம்தான் வெயிலும் கூட்டமும் உச்சம். உச்சி சாய்வது தொடங்கும் நேரம் மட்டுமே. அஸருக்குப் பிறகும் எறியலாம், இரவிலும் எறியலாம். ஒவ்வொரு மக்தபுக்கும் நேரம் ஒதுக்கி அனுப்பும் முறையை, 2015 செப்டம்பர் 24 அன்று மினாவில் நடந்த பெரும் நெரிசலுக்குப் பிறகு மிகக் கடுமையாகப் பார்க்கிறார்கள். தமிழ்த் தாளில் “தஃப்வீஜ் அட்டவணையைக் கடைப்பிடிக்கவும்” என்று இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. “உங்கள் மக்தபுக்கு என்று ஒரு நேரம் கொடுத்திருப்பார்கள். அதற்கு முன்னால் டென்ட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள்” என்று இருக்க வேண்டும். நடக்க முடியாதவர் தன் கல்லை இன்னொரு ஹாஜியிடம் கொடுத்து எறியச் சொல்லலாம் என்பதையும், அந்த ஹாஜி தன் கல்லை முதலில் எறிந்துவிட்டே இவருக்காக எறிய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பாதி சொன்னால், பேரன் இரண்டு பேருடைய கல்லையும் ஒரே கைப்பிடியாக வீசிவிட்டு வந்துவிடுவான்.

கூடாரத்துக்குத் திரும்பி வருவது தனிக்கதை. ஒரே மாதிரி வெள்ளைக் கூடாரங்கள், ஒரே மாதிரித் தெருக்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் எல்லாம் இருக்கும்தான். ஆனால் அவசரத்துக்குக் கையால் எழுதி ஒட்டிய எண்களில் அரபி இலக்கம் மட்டுமே இருப்பதுண்டு. அரபி ஆறு நம் 7 போலத் தெரியும், ஐந்து பூஜ்யம் போலத் தெரியும். 65 என்ற எண்ணை 70 என்று வாசித்துவிட்டு ஒருவர் நாலு தெரு தள்ளிப் போய்த் தேடலாம். எனவே தாளின் ஓரத்தில் பத்து இலக்கங்களையும் அரபியும் நம் எழுத்துமாக அடுத்தடுத்து அச்சிட்டு, அவரவர் மக்தப் எண்ணையும் கூடாரத்துக்கு அருகிலுள்ள கம்பத்தின் எண்ணையும் இரண்டு எழுத்திலும் நாமே எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம். ஊரில் மக்தப் என்றால் பிள்ளைகள் ஓதப் போகும் இடம். இங்கே உங்கள் கூட்டத்தைக் கவனிக்கும் அலுவலகம் என்றும் ஒரு வார்த்தை. இதெல்லாம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தனித் தாள், பெரிய எழுத்து, இஹ்ராம் பெல்ட்டின் பையில் மடித்து வைக்கிற அளவு. எழுத்துத் தெரியாதவர்களுக்கு அதையே ஒருவர் நிதானமாக வாசித்து, நாளுக்கு ஒன்றாகப் போனில் பதிந்து தரலாம். இரவே கேட்டுவிட்டுத் தூங்கலாம்.

கடைசித் தாளில் ஒரு வரியை விட்டுவிடக் கூடாது. பிறை 12, அதாவது நம் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை. அவசரப்படுகிறவர்கள் அன்றே கல்லெறிந்துவிட்டு மினாவை விட்டுக் கிளம்பலாம், சூரியன் மறைவதற்குள். மறைந்துவிட்டால் ஷாஃபி மத்ஹபின்படி அன்றிரவும் தங்கி மறுநாளும் 21 கல் எறிய வேண்டும். ஹனஃபியில் மறுநாள் சுபுஹு நேரம் வரும் வரைக்கும் கிளம்பலாம், ஆனால் அது விரும்பத்தக்கதல்ல. அரபித் தாள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். பேருந்திலோ ஏழு மணி ஆகும்போது நெரிசலில் அங்குலம் நகராமல் நிற்கும். வெளிச்சம் மங்க மங்கப் பெரியவர்கள் ஜன்னலுக்கு வெளியே வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாமான் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டு, வண்டி நகராததால் மினாவுக்குள்ளேயே சூரியன் மறைந்துவிட்டால் அது உங்கள் குற்றம் அல்ல, கிளம்பியதாகவே கணக்கு, இறங்கித் திரும்ப வேண்டியதில்லை என்று ஆலிம்கள் சொல்கிறார்கள். அந்த வரி தாளின் கடைசியில் அல்ல, நடுவில், தடித்த எழுத்தில் இருக்கட்டும்.